டிரான்ஸ்ஃபர் பணம் யாருக்குப் போகிறது? கால்பந்து ஒப்பந்தங்களும் லோன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரியும் ஆகஸ்டும் வந்தால் போதும், சேர்ந்து ஆட்டம் பார்க்கும் நண்பர்களிடமிருந்து இதே சந்தேகங்கள் வரிசையாக வரும். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு முடிந்தவரை ஒரே ஆளை எடுத்துக்கொண்டேன்: பிரேசில் வீரர் பிலிப்பே கூட்டினியோ. வாஸ்கோ ட காமாவில் வளர்ந்து, இன்டர் மிலான், லிவர்பூல், பார்சிலோனா, பயர்ன், ஆஸ்டன் வில்லா என்று சுற்றிய அவர் கதையில் இந்த விவகாரத்தின் எல்லா முடிச்சுகளும் இருக்கின்றன.

1. பார்சிலோனா கூட்டினியோவுக்கு 120 மில்லியன் யூரோ கொடுத்துச்சுன்னா, அவ்வளவும் அவர் பாக்கெட்டுக்கா போச்சு?

இல்லை, லிவர்பூலுக்குப் போனது. ஒரு வீரர் இன்ன தேதி வரை உங்களுக்காக ஆடுகிறேன் என்று கிளப்போடு ஒப்பந்தம் போட்டிருப்பார். அந்தத் தேதிக்கு முன்பே அவரை விடுவிக்கப் பழைய கிளப் வாங்கும் ஈடுதான் டிரான்ஸ்ஃபர் தொகை. பேச்சுக்கு ஆளின் விலை என்கிறோம். விற்பது என்னவோ ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் காலத்தைத்தான். இது பிடிபட்டுவிட்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே புரியும்.

வீரருக்குக் கிடைப்பது புதிய கிளப் தரும் சம்பளம், கையெழுத்துப் போடுவதற்கான பணம், கோல், கோப்பை போன்றவற்றுக்கான போனஸ். ஏஜென்டின் கட்டணம் தனி. இவை எல்லாம் டிரான்ஸ்ஃபர் தொகைக்கு மேல் வரும் செலவு. அதனால் செய்தியில் வரும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஒரு வீரருக்கு ஆன மொத்தச் செலவு இதுதான் என்று நினைக்க வேண்டாம்.

2. ரெண்டு கிளப்பும் பேசி முடிச்சுட்டா, பிளேயர் வரமாட்டேன்னு சொல்ல முடியுமா?

தாராளமாகச் சொல்லலாம். பழைய கிளப், புதிய கிளப், வீரர் என்று மூன்று பேரும் சம்மதித்தால்தான் வேலை நடக்கும். வழக்கமாக முதலில் இரண்டு கிளப்புகளும் தொகையைப் பேசி முடிக்கும். பிறகு வீரரோடு சம்பளமும் ஒப்பந்த ஆண்டுகளும் பேசுவார்கள். அப்புறம் மருத்துவப் பரிசோதனை. எல்லாம் முடிந்ததும் இரண்டு கிளப்புகளும் ஃபிஃபாவின் டிரான்ஸ்ஃபர் கணினி அமைப்பில் ஒரே விவரங்களை ஏற்ற வேண்டும். பழைய நாட்டுச் சங்கம் புதிய நாட்டுச் சங்கத்துக்குச் சர்வதேச டிரான்ஸ்ஃபர் சான்றிதழ் அனுப்பும். அது வந்த பிறகுதான் வீரர் களமிறங்க முடியும்.

மருத்துவப் பரிசோதனையை ஏன் முன்பே வைக்கிறார்கள் தெரியுமா? பரிசோதனையில் தேறினால்தான் இந்த ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போட ஃபிஃபா விதி அனுமதிப்பதில்லை. கையெழுத்து விழுந்துவிட்டால் ஒப்பந்தம் கிளப்பைக் கட்டும். 2018 ஜனவரியில் கூட்டினியோவுக்குப் பரிசோதனை செய்தபோது தொடையில் காயம் இருப்பது தெரிந்தது, மூன்று வாரம் ஆட முடியாது என்றார்கள். பார்சிலோனா அது தெரிந்தே கையெழுத்துப் போட்டது.

3. கடைசி நாள் ராத்திரி ஒரு நிமிஷம் லேட்டானா நிஜமாவே கேன்சல் ஆகிடுமா? மனசு வெச்சா விட மாட்டாங்களா?

விட மாட்டார்கள். 2017 ஆகஸ்டில் போர்ச்சுகல் வீரர் ஆட்ரியன் சில்வாவை ஸ்போர்ட்டிங்கிடமிருந்து லெஸ்டர் வாங்கியது. காகிதங்கள் அமைப்பில் ஏறியபோது கெடு தாண்டி 14 நொடி ஆகிவிட்டது. ஃபிஃபா மறுத்தது, மேல்முறையீடும் பலிக்கவில்லை. அவர் லெஸ்டர் வீரராகவே இருந்தார், ஆனால் வீரர்களைப் பதிவு செய்யும் சாளரம் மறுபடி ஜனவரியில் திறக்கும் வரை ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. வாங்குவது வேறு, பதிவு செய்வது வேறு. கெடு பதிவுக்குத்தான்.

4. கான்ட்ராக்ட் முடிஞ்ச பிளேயர் ஃப்ரீயாவே போயிடலாமாமே? அப்போ எல்லாரும் வெயிட் பண்ணிட்டுப் போகலாமே?

போகலாம். 1995 வரை ஐரோப்பாவில் அப்படி இல்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் பணம் கேட்கலாம், கொடுக்காவிட்டால் விட மறுக்கலாம். பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ஜான் மார்க் போஸ்மான் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். அவர் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் டிரான்ஸ்ஃபர் தொகை கேட்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எம்பாப்பே 2024இல் பிஎஸ்ஜியிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்குத் தொகையே இல்லாமல் போனது இந்த வழியில்தான். ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு அடுத்த பருவத்துக்குக் கையெழுத்திட ஃபிஃபா விதி இடம் தருகிறது.

எல்லோரும் காத்திருக்காததற்குக் காரணம் பயம்தான். முழங்கால் ஒருமுறை போய்விட்டால் அடுத்த ஒப்பந்தமே கிடைக்காது. ஐந்து ஆண்டுச் சம்பளம் உறுதியாக இருப்பது பெரும்பாலான வீரர்களுக்கு முக்கியம். எம்பாப்பே மாதிரி ஆளால் மட்டும்தான் அந்த ஆபத்தைத் துணிந்து எடுக்க முடியும்.

5. 2017 ஜனவரில லிவர்பூல் கூட்டினியோவுக்குப் புது அஞ்சு வருஷ கான்ட்ராக்ட் கொடுத்தாங்க, அடுத்த ஜனவரிலயே வித்துட்டாங்க. அப்போ அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

அந்தக் கையெழுத்துதான் லிவர்பூலுக்கு அவ்வளவு பணத்தைக் கொண்டுவந்தது. முதல் பதிலை நினைத்துப் பாருங்கள், மீதிக் காலம்தான் விற்பனைக்கு வருகிறது. 2017 ஆகஸ்டில் பார்சிலோனா மாற்றி மாற்றித் தொகை சொன்னது, கூட்டினியோவே போகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். லிவர்பூல் அசையவில்லை. ஒப்பந்தம் 2022 வரை, இவ்வளவு கட்டினால் விட்டுவிடுவோம் என்ற விடுவிப்புத் தொகை எதுவும் அதில் எழுதவும் இல்லை. அவசரப்பட வேண்டிய நெருக்கடி பார்சிலோனாவுக்குத்தான் இருந்தது, ஏனென்றால் நெய்மார் பிஎஸ்ஜிக்குப் போனதில் வந்த பணம் அவர்கள் கையில் இருப்பது ஊருக்கே தெரியும். நான்கு மாதம் கழித்து நிலையான தொகை 120 மில்லியன், மேற்கொண்டு 40 மில்லியன் வரை என்று செய்திகள் வந்த விலைக்கு முடித்தார்கள். 2013இல் இன்டரிடம் லிவர்பூல் கொடுத்தது 8.5 மில்லியன் பவுண்டு.

இதே வீரருக்கு ஒப்பந்தத்தில் ஆறு மாதம் மட்டும் மீதி இருந்திருந்தால் இதில் சிறு பங்குகூடத் தேறியிருக்காது. கிளப்புகள் இரண்டு ஆண்டு மீதி இருக்கும்போதே புதுப்பிக்கத் துடிப்பது இதனால்தான். ஒருவர் புதுப்பிக்க மறுக்கிறார் என்று செய்தி வந்தால், அந்தக் கோடையிலேயே விற்பனைப் பேச்சு கிளம்பும் என்று எதிர்பார்க்கலாம்.

6. ரிலீஸ் க்ளாஸ்னா அந்தக் காசைக் கட்டினா கிளப் கண்டிப்பா விட்டே ஆகணுமா?

நாட்டைப் பொறுத்தது. ஸ்பெயினில் ஒரு வீரர் தன் ஒப்பந்தத்தை ஈடு கட்டி முறித்துக்கொள்ள 1985ஆம் ஆண்டு அரசாணையே வழி விடுகிறது. அதனால் அங்கே ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு தொகை எழுதியிருக்கும். சட்டப்படி கட்டுவது வீரர்தான், வாங்கும் கிளப் அவருக்குப் பணம் கொடுக்கும். 2017 ஆகஸ்டில் நெய்மாரின் 222 மில்லியன் யூரோ இப்படித்தான் கட்டப்பட்டது. ஸ்பானிய லீக் அலுவலகம் பணத்தை வாங்க மறுத்ததும், அவருடைய வழக்கறிஞர்கள் நேராகப் பார்சிலோனா அலுவலகத்துக்கே போய்ச் செலுத்தினார்கள். பார்சிலோனாவால் தடுக்க முடியவில்லை.

அந்த அடிக்குப் பிறகு கூட்டினியோவின் ஒப்பந்தத்தில் 400 மில்லியன் என்று எழுதினார்கள். யாரும் கட்டக் கூடாது என்பதற்காகவே வைத்த எண் அது, மதிப்பீடு கிடையாது. இங்கிலாந்தில் இப்படிச் சட்டக் கட்டாயம் இல்லை. இரு தரப்பும் பேசி எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. லிவர்பூலில் இல்லாததை ஐந்தாம் பதிலில் பார்த்தோம்.

7. ஒரு பேப்பர்ல 120ன்னு போடறான், இன்னொருத்தன் 160ங்கறான். எதை நம்பறது?

இரண்டும் சரியாக இருக்கலாம். 120 என்பது எப்படியும் கொடுத்தே ஆக வேண்டிய தொகை. மேலே உள்ள 40 நிபந்தனைகளோடு ஒட்டியது: இத்தனை ஆட்டம் ஆடினால் இவ்வளவு, அணி இன்ன கோப்பையை வென்றால் இவ்வளவு என்று. நடந்தால் மட்டும் கொடுப்பார்கள். விற்ற கிளப்பின் ரசிகர்கள் பெரிய எண்ணையும் வாங்கிய கிளப்பின் ரசிகர்கள் சின்ன எண்ணையும் சொல்வது இயல்பு. ஒப்பிடும்போது நிலையான தொகையை நிலையான தொகையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அந்த நிலையான தொகையும் ஒரே நாளில் கைமாறுவது அபூர்வம். இரண்டு மூன்று ஆண்டுத் தவணையாகத்தான் பெரும்பாலும் போகும். விற்ற கிளப் உடனே காசு வேண்டுமென்றால், வரவிருக்கும் தவணைகளை வங்கியிடம் கொடுத்து, கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும்.

8. சின்ன வயசுல வளர்த்துவிட்ட கிளப்புக்கு எதுவுமே கிடைக்காதா? பாவம் இல்லையா?

கிடைக்கும். இந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒப்பந்தக் காலத்துக்குள் நாடு விட்டு நாடு விற்கப்படும் ஒவ்வொரு முறையும், தொகையில் 5 சதவீதத்தை எடுத்து வைத்து, அவரை 12 வயது முதல் 23 வயது வரை பதிவில் வைத்திருந்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம்.

கூட்டினியோ பிறந்தது 1992 ஜூனில். 2010 நடுப்பகுதி வரை வாஸ்கோவில் ஆடினார். இன்டர் அவரை 2008லேயே வாங்கிவிட்டாலும், 18 வயதுக்கு முன் வீரர்களை நாடு விட்டு நாடு வாங்குவதற்கு ஃபிஃபா தடை இருப்பதால் அங்கேயே விட்டுவைத்தது. ஆக, வாஸ்கோவுக்கு முதல் நான்கு ஆண்டுக்கு 1 சதவீதம், 16, 17 வயதுக்கு 1 சதவீதம், 18ஆவது வயதில் பாதி ஆண்டுக்கு 0.25. மொத்தம் 2.25 சதவீதம். 120 மில்லியனில் அது 2.7 மில்லியன் யூரோ. எட்டு வருடம் முன்பு விட்டுப்போன பையனுக்காக ரியோவில் ஒரு கிளப்புக்கு இவ்வளவு பணம்! லோனில், அதாவது தற்காலிகமாக வாங்கி ஆடவைத்த கிளப்புக்கும் இதில் பங்கு உண்டு. 2012இல் சில மாதம் அவர் லோனில் ஆடிய எஸ்பான்யோலும் அந்தக் கணக்கில் வரும்.

இதைத் தவிர, விற்கும் கிளப் பேசி எழுதிக்கொள்ளும் மறுவிற்பனைப் பங்கு என்று ஒன்று இருக்கிறது. அது விதியால் வருவதில்லை, பேரத்தால் வருவது. ரிவர் பிளேட் கிளப் என்சோ ஃபெர்னாண்டஸை 2022இல் பென்ஃபிகாவுக்கு விற்றபோது 25 சதவீத உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஏழு மாதத்திலேயே செல்சி அவரை 106.8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது.

9. செல்சி அந்த என்சோவுக்கு எட்டரை வருஷம் கான்ட்ராக்ட் கொடுத்தது கணக்கு ட்ரிக்னு சொல்றாங்களே, அது எப்படி?

கணக்குப் புத்தகத்தில் டிரான்ஸ்ஃபர் தொகையை வாங்கிய ஆண்டின் செலவாக எழுதுவதில்லை. ஒப்பந்த ஆண்டுகளில் சமமாகப் பிரித்து எழுதுவார்கள். கூட்டினியோவுக்கு ஐந்தரை ஆண்டு ஒப்பந்தம். 120 மில்லியனை 5.5ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 21.8 மில்லியன் செலவு. கையிலிருந்து எப்போது பணம் போகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தவணை தனிக் கதை.

என்சோவின் 106.8 மில்லியனை எட்டரை ஆண்டில் பிரித்தால் ஆண்டுக்கு 12.6 மில்லியன்தான். ஐந்தில் பிரித்திருந்தால் 21.4. லீக் விதிகள் நஷ்டத்துக்கு வரம்பு வைத்திருப்பதால், ஆண்டுச் செலவு குறைந்தால் இன்னொருவரை வாங்க இடம் கிடைக்கும். ஃபிஃபா ஒப்பந்தத்துக்கு ஐந்து ஆண்டு உச்சவரம்பு வைத்திருந்தாலும், நாட்டுச் சட்டம் அனுமதித்தால் அதற்கு மேலும் போகலாம் என்கிறது. இங்கிலாந்து சட்டம் அனுமதிக்கிறது. 2023 கோடையில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவும் அதே ஆண்டு டிசம்பரில் பிரீமியர் லீக்கும் விழித்துக்கொண்டு, எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் பிரித்து எழுதக் கூடாது என்று மாற்றின. என்சோவுக்கு அது பொருந்தாது, அதற்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது.

இதே கணக்கின் மறுபக்கம், சொந்த அகாடமியில் வளர்ந்த வீரர்களை விற்கத் தூண்டுவது. அவர்களை வாங்க டிரான்ஸ்ஃபர் தொகை கொடுக்கவில்லை, எனவே புத்தகத்தில் கழிக்க எதுவும் இல்லை, விற்கிற தொகை முழுக்க லாபம். செல்சி 2023இல் மேசன் மவுன்ட்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றபோது ரசிகர்கள் கொதித்ததும் இதனால்தான். ஆறு வயதிலிருந்து கூடவே இருந்த பையனை விற்பதுதான் கணக்குக்கு லாபம் என்று சொல்லும் விதி நல்ல விதியாக எனக்குப் படவில்லை.

10. லோன்ல போனா சம்பளம் யார் கொடுப்பா?

பேசி முடிப்பதைப் பொறுத்தது. முழுதாகவும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம். பெரிய சம்பளக்காரர் என்றால் சொந்த கிளப் ஒரு பங்கைச் சுமப்பது சகஜம். 2019 ஆகஸ்டில் கூட்டினியோவைப் பயர்ன் ஒரு பருவத்துக்கு எடுத்தபோது 8.5 மில்லியன் யூரோ லோன் கட்டணமும் கொடுத்தது, அவர் சம்பளத்தையும் ஏற்றுக்கொண்டது. அதோடு, விரும்பினால் 120 மில்லியனுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையும் எழுதப்பட்டது. பயர்ன் அதைப் பயன்படுத்தவில்லை.

லோன் காலத்தில் பழைய ஒப்பந்தம் சாகாது, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். காலம் முடிந்ததும் மீண்டும் உயிர் பெறும். 2022 ஜூலையிலிருந்து ஃபிஃபா கட்டுப்பாடுகள் வந்துவிட்டன: சர்வதேச லோன் ஒரு ஆண்டுக்கு மேல் கூடாது, லோனில் வந்தவரை இன்னொரு கிளப்புக்கு லோனில் அனுப்பக் கூடாது. ஒரே சமயத்தில் வெளியே அனுப்புவதும் உள்ளே எடுப்பதும் ஆறு ஆறு பேர் வரைதான். 21 வயதுக்கு உட்பட்டவர்களும் சொந்தப் பயிற்சியில் வளர்ந்தவர்களும் இந்த எண்ணிக்கையில் வர மாட்டார்கள்.

11. சொந்த கிளப்புக்கு எதிராவே எப்படி ஆடவிட்டாங்க? 8-2 மேட்ச் ஞாபகம் இருக்கா?

எப்படி மறக்க முடியும்! 2020 ஆகஸ்ட் 14, லிஸ்பன், சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, பார்சிலோனாவைப் பயர்ன் நொறுக்கிய ஆட்டம். கூட்டினியோ 75ஆவது நிமிடத்தில் இறங்கினார், லெவன்டோவ்ஸ்கிக்கு ஒரு கோல் போட்டுக் கொடுத்தார், கடைசி நிமிடங்களில் தானே இரண்டு அடித்தார். அடித்தது அடுத்த மாதம் திரும்பிப் போக வேண்டிய கிளப்புக்கு எதிராக. பிரீமியர் லீக்காக இருந்திருந்தால் முடியாது, அங்கே லோன் வீரர் சொந்த கிளப்புக்கு எதிராக ஆடுவதை லீக் விதியே தடுக்கிறது.

யூஃபா போட்டிகளில் தடை கிடையாது, தடை போடவும் முடியாது. 2014 அரையிறுதியில் செல்சியும் அத்லெட்டிகோவும் மோத நேர்ந்தபோது, செல்சியிடமிருந்து லோனில் வந்திருந்த கோல்கீப்பர் கோர்த்துவா ஆட வேண்டுமானால் அத்லெட்டிகோ பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஒரு கிளப் இன்னொரு கிளப்பின் அணித் தேர்வில் கை வைக்க முடியாது, அந்த ஷரத்து செல்லாது என்று யூஃபா சொல்லிவிட்டது. அவர் ஆடினார், அத்லெட்டிகோ இறுதிக்குப் போனது.

12. எம்பாப்பேவை பிஎஸ்ஜி முதல்ல லோன்லதானே எடுத்தாங்க? 180 மில்லியன் கொடுக்கப் போறவன் எதுக்கு லோன் எடுக்கணும்?

2017இல் நெய்மாருக்கு 222 கொடுத்த அதே கோடையில் இன்னொரு பெரும் தொகையையும் கணக்கில் ஏற்றினால் யூஃபாவின் நிதி விதிகள் இடிக்கும். லோன் என்று எழுதினால் சுமை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகும். இங்கே இருந்தது வாங்கும் உரிமை கிடையாது, வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம். செய்தி படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள். உரிமை என்றால் ஆளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். கட்டாயம் என்றால் விற்பனை முடிந்துவிட்டது, தேதி மட்டும் பாக்கி.

13. 120க்கு வாங்கி 20க்கு வித்த பார்சிலோனாவுக்கு 100 மில்லியன் நஷ்டம்தானே?

போட்ட பணத்தைப் பார்த்தால் ஆமாம், படுதோல்வி. ஆனால் 2022 மே மாதம் கூட்டினியோவை வில்லாவுக்கு விற்றபோது ஏன் 20க்கு ஒத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒன்பதாம் பதிலின் கணக்கைத் தொடருங்கள். ஆண்டுக்கு 21.8 வீதம் நான்கரை ஆண்டில் 98 மில்லியனுக்கு மேல் ஏற்கெனவே செலவாக எழுதியாகிவிட்டது. புத்தகத்தில் மீதி 22க்குக் கொஞ்சம் கீழே. கூடுதல் தொகைகளையும் இடையில் செய்த மதிப்புக் குறைப்பையும் விட்டுவிட்ட எளிய கணக்கு இது என்றாலும், 20க்கு விற்றால் அந்த ஆண்டில் பெரிய ஓட்டை விழாது என்பது தெரிகிறது. கூடவே, ஒப்பந்தத்தில் மீதி இருந்த ஓர் ஆண்டின் பெரும் சம்பளமும் மிச்சம்.

மறுவிற்பனையில் 50 சதவீதம் எங்களுக்கு என்றும் பார்சிலோனா எழுதிக்கொண்டது. ஆனால் அந்தப் பங்குக்கு மதிப்பு வர, யாராவது அவரை விலை கொடுத்து வாங்க வேண்டும். வில்லா அவரைக் கத்தாருக்கு லோனில் அனுப்பியது, பிறகு 2024இல் வாஸ்கோவுக்கு லோனில் அனுப்பியது. 2025இல் வில்லா ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு அவர் வாஸ்கோவிலேயே சேர்ந்துவிட்டார்.

14. பிளேயருக்குப் பிடிக்கலைன்னா கான்ட்ராக்ட்டை நடுவுல முறிச்சுட்டுப் போக முடியாதா?

தக்க காரணம் இருந்தால் முடியும். கிளப் இரண்டு மாதச் சம்பளம் தராமல் இழுத்தால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்துவிட்டு, அப்போதும் வராவிட்டால் விலகலாம் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. காரணமில்லாமல் விலகினால் ஈடு கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் முதல் மூன்று ஆண்டுக்குள் செய்தால் ஆடவும் தடை வரும். 28 வயதுக்குப் பின் கையெழுத்திட்டவருக்கு அந்த மூன்று ஆண்டுக் காலம் இரண்டாகக் குறையும்.

லசானா தியாரா 2014இல் லோகோமோடிவ் மாஸ்கோவோடு சண்டையிட்டுப் பிரிந்தபோது 10.5 மில்லியன் யூரோ ஈடு கட்டச் சொன்னார்கள். அதைவிட மோசம், அவரை எடுக்கும் புதிய கிளப்பும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு என்று விதி இருந்ததால், அவரை எடுக்க நினைத்த பெல்ஜியத்தின் ஷார்லுவா பின்வாங்கியது. 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இந்த விதிகள் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானவை என்றது. டிசம்பரில் ஃபிஃபா தற்காலிகமாக விதியை மாற்றியது: புதிய கிளப் தூண்டிவிட்டது என்று குற்றம் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும், தகராறு நடக்கிறது என்பதற்காகப் பழைய நாட்டுச் சங்கம் இரண்டாம் பதிலில் சொன்ன சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது. ஈடு கட்டும் பொறுப்பு மட்டும் வீரர் தலையில் அப்படியே இருக்கிறது.